சுவருக்குள் பதிக்கும் ஷவர் வால்வு: டைல்ஸ் முகத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும்?

ஜெலுத்தோங்வாசி

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பழைய தெரஸ் வீட்டின் மாடிக் குளியலறையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். பழைய டைல்ஸையும் அதற்குப் பின்னால் இருந்த சிமெண்டுப் பூச்சையும் முழுவதும் ஹேக் செய்து எடுத்துவிட்டதால், இப்போது சுவரில் செங்கல்தான் தெரிகிறது. சூடு, குளிர் இரண்டையும் கலக்கும் ஷவர் வால்வின் பாடியைக் குழாய் வேலைக்காரர் செங்கல்லைக் குடைந்து உள்ளே வைத்து, பி.பி.ஆர். குழாய்களையும் சூடாக்கி ஒட்டிவிட்டார். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை.

வால்வோடு வந்த தாளில், பாடியின் பின்பக்கத்திலிருந்து டைல்ஸின் முகம் வரை குறைந்தது 65 மி.மீ., அதிகம் 90 மி.மீ. என்று போட்டிருக்கிறது. பாடியின் மேல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியிலும் சுற்றிலும் இரண்டு கோடுகள் இருக்கின்றன. குழாய் வேலைக்காரரிடம் கேட்டபோது, டைல்ஸ் 9 மி.மீ., பசை 5 மி.மீ., ஆகப் பாடி 62 மி.மீ. உள்ளே இருந்தால் மொத்தம் 76 வரும், நடுவில்தான் நிற்கிறது என்றார். ஆனால் டைல்ஸ் ஒட்ட வருபவர் சுவரைப் பார்த்துவிட்டு, இது தூக்குக்கு நிற்கவில்லை, பூச்சு கனமாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இருவர் சொல்வதும் எனக்கு ஒத்துவரவில்லை. பூசிய பிறகு தவறு தெரிந்தால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், இப்போதே கேட்கிறேன்.

கெப்போங் வீட்டுக்காரர்

இதில் குழம்ப ஒன்றுமில்லை. அந்தப் பிளாஸ்டிக் மூடி டைல்ஸை விட்டுச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் நீட்டிய பகுதியைக் கத்தியால் அறுத்துவிட்டு முகப்புத் தகட்டை மாட்டிவிடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், எந்தக் குறையும் வரவில்லை.

ஜெலுத்தோங்வாசி

அப்படியானால் எங்கள் வீட்டில் பிரச்சினை இல்லை என்றுதான் தோன்றுகிறது. மூடியின் முன்விளிம்பு இப்போது செங்கல்லிலிருந்து 43 மி.மீ. வெளியே நிற்கிறது. பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்கிவிடும் அல்லவா?

பிறை குழாய் வேலை

அடங்கும், ஆனால் அது போதாது. கெப்போங் நண்பர் சொன்னதில் பாதி சரி. மூடி டைல்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது உண்மைதான், இல்லாவிட்டால் சிமெண்டு உள்ளே போய்விடும். ஆனால் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்குத்தான் அந்த இரண்டு கோடுகள். டைல்ஸின் முகம் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் எங்காவது வந்து நிற்க வேண்டும். மூடியின் விளிம்பு வெளியே தெரிகிறது என்பதால் மட்டும் முகம் கோடுகளுக்குள் விழுந்துவிட்டதாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் வெளிக்கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே இன்னும் கொஞ்சம் பிளாஸ்டிக் இருக்கும்.

உங்கள் குழாய் வேலைக்காரரின் கணக்கில் விட்டுப்போனது பூச்சு. அவர் 62 மி.மீ. என்று அளந்தது செங்கல்லின் முகத்திலிருந்து. அதன் மேல் டைல்ஸையும் பசையையும் மட்டும் கூட்டினால், செங்கல்லின் மேலேயே டைல்ஸ் ஒட்டுவதாக அர்த்தம். செங்கல்லுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் பூச்சும் நீர்க்காப்புப் பூச்சும் வருகின்றன. ஒழுங்கான சுவரில் பூச்சு 12 முதல் 16 மி.மீ. வரை வரும், சாய்ந்த சுவரில் ஓரிடத்தில் 10, இன்னோர் இடத்தில் 25 என்றுகூட வரலாம். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மூடியின் முன்விளிம்பிலிருந்து பாடியின் பின்பக்கம் வரை மொத்தம் எவ்வளவு, விளிம்பிலிருந்து ஒவ்வொரு கோடும் எவ்வளவு தூரம் என்று அளந்து இங்கே எழுதுங்கள்.

ஜெலுத்தோங்வாசி

அளந்துவிட்டேன், அண்ணா. மூடியின் முன்விளிம்பிலிருந்து பாடியின் பின்பக்கம் வரை 105 மி.மீ. விளிம்பிலிருந்து முதல் கோடு 15 மி.மீ., இரண்டாவது கோடு 40 மி.மீ.

பிறை குழாய் வேலை

தாளில் உள்ளதோடு சரியாகப் பொருந்துகிறது: 105-இல் 15 போனால் 90, 40 போனால் 65. ஆகவே இனிமேல் பின்பக்கத்தை அளக்கத் தேவையில்லை. பூச்சு போட்டபின் பின்பக்கம் கைக்கு எட்டாது, ஆனால் முன்விளிம்பு கடைசி வரை கண்ணுக்குத் தெரியும். டைல்ஸின் முகத்திலிருந்து மூடியின் விளிம்பு 15 மி.மீ.க்குக் குறையாமலும் 40 மி.மீ.க்கு மிகாமலும் வெளியே நிற்க வேண்டும் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடு என்றால் 27 மி.மீ.

இன்னும் தெரியாதது ஒன்றே ஒன்று: டைல்ஸின் முகம் அந்த இடத்தில் எங்கே வந்து நிற்கும்? இதைச் சொல்ல வேண்டியவர் டைல்ஸ் ஒட்டுபவர், குழாய் வேலைக்காரர் அல்ல. குழாய் வேலைக்காரர் முதலில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவதும், டைல்ஸ்காரர் பிறகு வருவதும்தான் இந்தத் தொல்லைக்கெல்லாம் காரணம். இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள்.

செந்தூல் டைல்ஸ்

நான் டைல்ஸ் வேலை செய்பவன், அதனால் அந்தக் கடைசிப் பகுதியை நான் எழுதுகிறேன். வராத டைல்ஸின் முகத்தை இப்போதே கண்டுபிடிக்கலாம், கடினமான வேலை அல்ல. வால்வு இருக்கும் சுவரின் இரண்டு ஓரத்திலும், தரைக்குச் சற்று மேலேயும் கூரைக்குச் சற்றுக் கீழேயும், ஆக நான்கு இடத்தில் வெட்டுத் துண்டு டைல்ஸைச் சிமெண்டு கலவையில் அழுத்தி ஒட்டுங்கள். ரசமட்டமோ லேசர் கோடோ வைத்து, அந்த நான்கு துண்டுகளின் முகமும் தூக்குக்கும் ஒரே தளத்துக்கும் வரும்படி தட்டிச் சரிசெய்யுங்கள். சுவரில் எந்த இடம் அதிகமாக முன்னால் பிதுங்கியிருக்கிறதோ, அந்த இடத்தில் குறைந்தபட்சப் பூச்சுக்கு இடம் விட்டுத்தான் தளத்தை முடிவு செய்ய வேண்டும். பக்கத்துச் சுவரோடு மூலைமட்டம் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மூலைமட்டத்துக்காகத் தளம் நகர்ந்தால் வால்வின் கணக்கும் நகரும்.

கலவை இறுகியதும், இடது துண்டிலிருந்து வலது துண்டுக்கு நைலான் நூலை இழுத்துக் கட்டுங்கள். வால்வுக்கு மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். அந்த நூல்தான் உங்கள் டைல்ஸின் முகம். ஒரு நேரான அலுமினியப் பட்டையை இரண்டு நூலையும் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, அங்கிருந்து மூடியின் விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்தால், பூச்சு எவ்வளவு, பசை எவ்வளவு என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸ் அடுக்ககம்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அடுக்ககத்தில் குளியலறைச் சுவரில் உடனடி ஹீட்டருக்குப் போகும் ஸ்டாப்காக் இருக்கிறது. பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியதும் அதன் கைப்பிடி சுவருக்குள் புதைந்துவிட்டது, விரலால் பிடித்துத் திருப்பவே முடியவில்லை. இதற்கும் நீங்கள் சொல்லும் கோட்டுக் கணக்குப் பொருந்துமா?

பிறை குழாய் வேலை

ஐயா, உங்களுடையது வேறு வகை. பழைய டைல்ஸை எடுக்காமல் அதன் மேல் ஒட்டினால் சுவர் முகம் ஏறக்குறைய 15 மி.மீ. முன்னால் வந்துவிடும், அதனால்தான் கைப்பிடி உள்ளே போய்விட்டது. ஸ்டாப்காக்கில் திருகும் தண்டை மட்டும் நீட்டினால் போதும், பல வகைகளுக்கு நீட்டிப்புத் தண்டு கடையில் கிடைக்கும். பழைய கைப்பிடியைக் கழற்றிக் கொண்டுபோய், பல்லின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கலக்கும் வால்வில் அவ்வளவு எளிதாக முடியாது. தண்டு, அதைச் சுற்றியுள்ள உறை, முகப்புத் தகட்டைப் பிடிக்கும் திருகு ஆகிய மூன்றும் ஒன்றாக நீள வேண்டும்.

கெப்போங் வீட்டுக்காரர்

கலக்கும் வால்வுக்கும் நீட்டிப்பு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் எப்போதும் ஆழமாகவே வைத்துவிடலாமே? தேவைப்பட்டால் நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம்.

பிறை குழாய் வேலை

சில வகைகளுக்குக் கிடைக்கும், சிலவற்றுக்குத் தயாரிப்பாளரே செய்வதில்லை. ஒரு வகையின் நீட்டிப்பு இன்னொரு வகைக்குப் பொருந்தாது. மலிவு வால்வுகளில், இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வகையே கடையில் இருக்காது. ஆகவே நீட்டிப்பை நம்பி ஆழமாக வைக்கலாம் என்பவர், அது இங்கே கிடைக்கிறதா என்று வால்வு வாங்கிய கடையிலேயே கேட்டு, கிடைத்தால் வால்வோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் உங்கள் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. ஆழம் கூடிவிட்டால் ஏதாவது வழி இருக்கலாம். ஆழம் குறைந்துவிட்டால், அதாவது பாடி மிகவும் முன்னால் வந்துவிட்டால், வழியே இல்லை. முகப்புத் தகடு டைல்ஸில் உட்காராமல் பாடியில் முட்டி நிற்கும், தகட்டைச் சுற்றி இடைவெளி தெரியும், குளிக்கும்போது தெறிக்கும் தண்ணீர் முழுவதும் அதன் வழியே சுவருக்குள் போகும். அதை மறைக்கக் கனமான சிலிக்கோன் பட்டை வைப்பார்கள், பார்த்தவுடனே தெரியும். எனவே ஒருபக்கம் சாய்வதானால் நான் இரண்டு மூன்று மி.மீ. ஆழத்தின் பக்கம் சாய்வேன், அதற்கு மேல் அல்ல.

செந்தூல் டைல்ஸ்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வேலையில் டைல்ஸ் எப்போதும் திட்டமிட்டதைவிட முன்னால்தான் வரும், பின்னால் போவதே இல்லை. பெரிய டைல்ஸில் மேடுபள்ளத்தைச் சரிசெய்யப் பசையைக் கூட்டுவோம், அதைக் குறைக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே ஆழத்தின் பக்கம் சாய்ந்து வைத்தால், டைல்ஸ் முன்னால் வரும்போது ஆழம் இரட்டிப்பாகிவிடும். நான் சொல்வது, விளிம்பு நடுவில் இருக்கட்டும், அல்லது நடுவைவிட இரண்டு மி.மீ. கூடுதலாக வெளியே நிற்கட்டும்.

பிறை குழாய் வேலை

நூல் கட்டாத வேலையில் நீங்கள் சொல்வது சரி. நூல் கட்டி, அந்த நூலுக்கே டைல்ஸ் வைக்கப்போகிறார் என்றால் என் வழி. இதை இங்கே முடிக்க முடியாது, டைல்ஸ்காரரின் கையைப் பொறுத்தது.

ஜெலுத்தோங்வாசி

இரண்டு பேரையும் ஒன்றாக வரவழைத்துவிட்டேன். டைல்ஸ்காரர் நான்கு துண்டு ஒட்டி நூல் கட்டினார். வால்வு இருக்கும் இடத்தில் நூல் செங்கல்லிலிருந்து 36 மி.மீ. முன்னால் இருக்கிறது. அங்கே பூச்சு 20 மி.மீ. வருமாம், நீர்க்காப்பு 2, பசை 5, டைல்ஸ் 9 என்று அவரே கணக்குக் காட்டினார். மூடியின் விளிம்பு நூலுக்கு வெளியே 7 மி.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கிறது. குழாய் வேலைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, வெளியேதானே நிற்கிறது, பரவாயில்லை என்கிறார்.

பிறை குழாய் வேலை

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். 105-இல் 7 போனால் 98. பாடியின் பின்பக்கத்திலிருந்து டைல்ஸின் முகம் வரை 98 மி.மீ., அனுமதியோ 90. அதாவது 8 மி.மீ. அதிக ஆழம். இப்படியே மூடினால், முகப்புத் தகட்டை மாட்டும் நாளில் கைப்பிடி தண்டில் நுனியை மட்டும் கவ்வும், கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும், அல்லது தகட்டின் திருகு பாடியை எட்டவே எட்டாது. இந்தத் தவறு டைல்ஸ் ஒட்டி முடியும் வரை யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

விளிம்பு நூலுக்கு வெளியே 27 மி.மீ. நிற்க வேண்டும், இப்போது 7 நிற்கிறது. ஆகவே பாடியை 20 மி.மீ. முன்னால் கொண்டுவர வேண்டும். பின்பக்கம் செங்கல்லின் முகத்திலிருந்து 62-க்குப் பதில் 42 மி.மீ. உள்ளே இருக்கும். 42-உம் 36-உம் 78, கிட்டத்தட்ட நடு.

ஜெலுத்தோங்வாசி

குழாய்களை ஏற்கெனவே சூடாக்கி ஒட்டிவிட்டார்களே, 20 மி.மீ. இழுத்தால் முறியாதா?

பிறை குழாய் வேலை

இழுக்கக் கூடாது. பி.பி.ஆர். குழாய் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் சிலர் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அப்போது வால்வின் திருகுமறை இணைப்பில் எப்போதும் ஒரு இழுவிசை இருந்துகொண்டே இருக்கும், ஆண்டுகள் கழித்து அங்கேதான் கசியும். நேர்ப்பகுதியில் வெட்டி, வளைவு இணைப்பை மாற்றி, புது ஆழத்துக்கு ஏற்ப மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பாதி நாள் வேலை. ஒட்டும்போது வால்வின் கார்ட்ரிஜைக் கழற்றி வைத்திருந்தால் நல்லது, வெப்பமும் குழாயிலிருந்து வரும் துகளும் அதைக் கெடுத்துவிடும்.

உங்கள் வால்வில் குழாய் இணையும் மையம் பின்பக்கத்திலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். 30 மி.மீ. என்றால், பாடி முன்னால் வந்ததும் குழாயின் மையம் செங்கல்லிலிருந்து 12 மி.மீ. மட்டும் உள்ளே இருக்கும். 25 மி.மீ. குழாயாக இருந்தால் அதன் முன்பக்கம் செங்கல்லின் முகத்தோடு ஏறக்குறைய சமம். மேலே 20 மி.மீ. பூச்சு வருவதால் குழாய் மூடிவிடும், ஆனால் காடியின் மேல் கம்பி வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காடியின் ஓரத்தில் வெடிப்பு விடும்.

செந்தூல் டைல்ஸ்

பாடியை எதில் பிடித்து நிறுத்தப்போகிறார் என்பதையும் பாருங்கள். குழாயின் பலத்தில் மட்டும் நின்றால், பூச்சுக்காரர் மட்டப்பலகையை இழுக்கும்போது பாடி உள்ளே தள்ளப்படும், பிறகு அளந்ததெல்லாம் வீண். பின்பக்கக் குழியில் வெட்டு டைல்ஸ் துண்டுகளை அடுக்கிச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து, பாடியின் காதுகளைச் சுவரில் பிளக் போட்டுத் திருகி, அதன் பிறகுதான் கலவையால் சுற்றி நிரப்ப வேண்டும்.

ஆழத்தைப் போலவே சாய்வும் முக்கியம். மூடியின் மேல், கீழ், இடது, வலது என நான்கு இடத்திலும் நூலிலிருந்து அளந்து பாருங்கள். நான்கும் 27-ஐ ஒட்டி, ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ.க்கு மேல் வேறுபடாமல் வர வேண்டும். மேலே 29, கீழே 25 என்றால் சராசரி 27 வந்தாலும் வேலை தவறுதான். தகட்டின் ஒரு ஓரம் டைல்ஸில் உட்காரும், எதிர் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், அதன் பின்னால் உள்ள ரப்பர் அவ்வளவு இடைவெளியை அடைக்காது.

பாயான் லெப்பாஸ் அடுக்ககம்

இதை வாசித்ததும் ஒரு கவலை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அடுத்த குளியலறையையும் மாற்ற நினைக்கிறோம். ஆனால் சுவர் செங்கல் அல்ல, கட்டியவர்களே காங்கிரீட்டில் வார்த்த சுவர், நிர்வாகம் ஹேக் செய்ய அனுமதிப்பதில்லை. அங்கே 42 மி.மீ. உள்ளே போக முடியாதே?

பிறை குழாய் வேலை

அந்தச் சுவரைத் தொடாதீர்கள், உள்ளே கம்பி இருக்கிறது. அதற்கு முன்னால் ஷவர் பக்கம் மட்டும் ஒரு தனிச் சுவரை எழுப்பி, அதற்குள் வால்வையும் குழாயையும் வைப்பதுதான் வழி. குளியலறையின் அகலத்தில் 100 மி.மீ. போகும், அவ்வளவு இடம் இல்லையென்றால் சுவருக்கு வெளியே மாட்டும் ஷவர் மிக்சரையே வாங்கிக்கொள்ளுங்கள். தனிச் சுவர் கட்டினால் ஒரு வசதி உண்டு. சுவரின் முகத்தை வால்வுக்கு ஏற்றபடி நீங்களே முடிவு செய்யலாம்.

ஜெலுத்தோங்வாசி

குழாய் வேலைக்காரர் பாடியை முன்னால் கொண்டுவந்து, காதுகளைத் திருகி, கலவை போட்டுவிட்டார். நான்கு இடத்திலும் நூலிலிருந்து 27, 27, 28, 27. கூரைத் தொட்டியின் அழுத்தத்தில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், கசிவு இல்லை.

பிறை குழாய் வேலை

கூரைத் தொட்டித் தண்ணீரின் அழுத்தம் குறைவு, அதில் சிறு கசிவு காட்டிக்கொடுக்காது. கைப்பம்பு வைத்து அழுத்திப் பார்த்த பிறகே பூச்சுக்கு விடுங்கள். பூச்சு காய்ந்ததும் இன்னொரு முறை அளவெடுங்கள். டைல்ஸ், பசை, நீர்க்காப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 16 மி.மீ. இன்னும் வரவேண்டியிருப்பதால், பூச்சின் முகத்திலிருந்து மூடியின் விளிம்பு 43 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜெலுத்தோங்வாசி

கைப்பம்பில் அழுத்தி வைத்துப் பார்த்ததில் முள் இறங்கவில்லை. பூச்சும் காய்ந்துவிட்டது, விளிம்பு 41 மி.மீ. நீட்டுகிறது. பூச்சு 2 மி.மீ. கூடுதலாக வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். டைல்ஸ் ஒட்டிய பிறகு 25 நிற்கும், கோடுகளுக்குள்தான் இருக்கிறது. இப்போது இன்னொரு கேள்வி. நீர்க்காப்புப் பூச்சை மூடியைச் சுற்றி எப்படி முடிப்பது? கடைக்காரர் ஒரு ரப்பர் கழுத்துப்பட்டை கொடுத்தார், நீர்க்காப்பு அடிப்பவர் அது தேவையில்லை, மூடியின் மேலேயே இரண்டு கை அடித்துவிடலாம் என்கிறார்.

செந்தூல் டைல்ஸ்

கழுத்துப்பட்டை வையுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் நீர்க்காப்புப் பூச்சு சரியாகப் பிடிக்காது, டைல்ஸ் ஒட்டும்போது மூடி சற்று அசைந்தாலே உரிந்துவிடும்.

பிறை குழாய் வேலை

கழுத்துப்பட்டை நல்லதுதான், ஆனால் உங்கள் மூடி சதுரமா வட்டமா என்று பாருங்கள். வட்டப் பட்டையைச் சதுர மூடியில் மாட்டினால் நான்கு மூலையும் திறந்தே இருக்கும். அப்படியானால், மூடியின் பக்கங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மூலைகளில் துணிப்பட்டை வைத்து அடிப்பது மேல்.

செந்தூல் டைல்ஸ்

தேய்த்தாலும் சில பிளாஸ்டிக்கில் பிடிப்பதில்லை, நான் பார்த்திருக்கிறேன். ஒரு சிறு இடத்தில் அடித்துக் காயவிட்டு, நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதைச் செய்தாலும், டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு மூடியை அறுக்கும்போது டைல்ஸின் முகத்துக்குச் சமமாக அறுங்கள், உள்ளே வரை அறுக்க வேண்டாம். பின்னாளில் கார்ட்ரிஜை மாற்றுபவருக்கு அந்தப் பிளாஸ்டிக்தான் சிமெண்டு விழாமல் தடுக்கும்.